மாதவரம் குடோனில் ஓர் அரையாண்டு ஸ்டாக் கணக்கெடுப்பு: 2,03,830 ரூபாய் குறைவு எங்கே போனது?

பின்னணி

பைப், பிட்டிங்ஸ் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்கு நான் கணக்கு பார்க்கிறேன். பில் போடும் அலுவலகம் பாரிமுனைப் பக்கம் இருக்கிறது. சரக்கு இருப்பது மாதவரத்தில், மூலக்கடையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட குடோனில். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆலையிலிருந்து லாரி வருவது இரவில். ரெட்ஹில்ஸ், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி கடைகளுக்குச் சரக்கு போவது குட்டியானையில், டெலிவரி சலானோடு. டிரைவர் திரும்பி வந்து சலானைக் கொடுத்த பிறகுதான் அலுவலகத்தில் பில் ஆகும். சரக்கு ஓரிடத்தில் நகர, அதற்கான காகிதம் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்து வேறோர் இடத்துக்கு வந்து சேரும் அமைப்பு இது.

குடோனில் 418 வகைச் சரக்கு. புத்தகப்படி மதிப்பு சுமார் 38 லட்சம். ஆள் என்று பார்த்தால் ஒரு பொறுப்பாளர், இரண்டு லோடுமேன், ஒரு டிரைவர். அலுவலகத்தில் பில் போட ஒரு பெண். வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் ஸ்டாக் எண்ணுவார்கள்.

மார்ச்சில் எண்ணியபோது நான் இல்லை. அப்போது நடந்தது இதுதான்: பொறுப்பாளர் எண்ணிச் சொன்ன எண்களை அன்று இரவே டேலி கணக்கு மென்பொருளில் `Physical Stock` வவுச்சராகப் போட்டுவிட்டார்கள். வித்தியாசம் எவ்வளவு, ஏன் வந்தது என்று எந்தக் காகிதமும் இல்லை. ஸ்டாக் டேலி ஆகிவிட்டது என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எண்ணுவதற்கு முன்

ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். பூஜைக்காக எப்படியும் குடோனைக் கழுவிச் சுத்தம் செய்வார்கள். அதை வெள்ளியும் சனியும் முடித்துவிடச் சொன்னேன். சுத்தம் செய்யும்போது அடுக்கு இடம் மாறும். எண்ணிக்கொண்டிருக்கும்போதே இடம் மாறினால் ஒரே பெட்டி இரண்டு முறை எண்ணப்படும், அல்லது ஒரு முறைகூட எண்ணப்படாது.

மூன்று முடிவுகள் எடுத்தோம். முதலாவது, எண்ணுபவர் கையில் புத்தக எண்ணிக்கை இருக்கக் கூடாது. தாளில் சரக்கின் பெயரும் இடமும் மட்டும் இருக்கும், எண் எழுதும் கட்டம் காலியாக இருக்கும். பொறுப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. "எவ்வளவு இருக்கணும்னு தெரிஞ்சா சீக்கிரம் முடிச்சிடலாம் சார்" என்றார். சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் 240 இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் 236 எண்ணினால், நாலு எங்காவது உள்ளே இருக்கும் என்று நினைத்து 240 என்றே எழுதிவிடுவார். அது பொய் சொல்வதல்ல, மனித இயல்பு.

இரண்டாவது, வரிசை எண் போட்ட 460 துண்டுச் சீட்டுகள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு சீட்டு ஒட்டி, எண்ணி முடித்ததும் பாதியைக் கிழித்து என்னிடம் தர வேண்டும். பயன்படுத்தாத சீட்டும் திரும்பி வர வேண்டும். சீட்டு ஒட்டாத அடுக்கு கண்ணில் பட்டால் அது விடுபட்டது என்று பொருள்.

மூன்றாவது, கட் ஆஃப். சனிக்கிழமை இரவு 8 மணி வரை நடந்தது புத்தகத்தில் இருக்கும், அதற்குப் பின் ஒரு பெட்டிகூட அசையாது. கடைசி பில் எண், கடைசி சலான் எண், உள்வரவுப் பதிவேட்டின் கடைசி வரி, மூன்றையும் ஒரு தாளில் எழுதி நானும் பொறுப்பாளரும் கையெழுத்துப் போட்டோம். இதில் நான் ஒரு தவறு செய்தேன். சலான் புத்தகம் ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன், கேட்கவில்லை.

எண்ணிய நாள்

காலை ஏழரைக்கு ஆரம்பித்து மாலை ஐந்துக்குள் முடித்தோம். இரண்டு பேர் கொண்ட இரண்டு அணிகள். ஒவ்வொன்றிலும் குடோன் ஆள் ஒருவர், அலுவலக ஆள் ஒருவர். குடோன் ஆளுக்குச் சரக்கு தெரியும், அலுவலக ஆளுக்கு அது எவ்வளவு இருந்தால் என்ன என்ற கவலை கிடையாது. திறந்த பெட்டியைக் கொட்டி எண்ணினார்கள். மூடிய பெட்டிகளில் பத்துக்கு ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். 460 சீட்டும் கணக்குக்கு வந்தது.

முதல் ஒப்பீடு

எண்ணியதைப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்ததில் குறைவாக இருந்த சரக்குகளின் மதிப்பு 2,03,830 ரூபாய். கூடுதலாக இருந்தவை 94,850 ரூபாய். கழித்தால் நிகரக் குறைவு 1,08,980.

நிகரத்தை மட்டும் முதலாளியிடம் சொல்லியிருந்தால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும், விடையும் தப்பாகியிருக்கும். கூடுதலும் குறைவும் தனித்தனிப் பிழைகள். ஒன்றை ஒன்று மூடிக்கொள்வதால் இரண்டுமே சரியாகிவிடாது. அதனால் இரண்டு பட்டியலையும் தனித்தனியே கொடுத்தேன்.

குறைவுப் பட்டியலில் முதலாளி கண் போய் நின்ற வரி பிராஸ் பிட்டிங்ஸ். உள்ளே பித்தளை மரை வைத்த எம்.டி.ஏ., எஃப்.டி.ஏ. வகைகளில் 93 உருப்படி குறைவு, சராசரி 300 ரூபாய் வீதம் 27,900. "பித்தளை காயலான் கடையில கிலோ கணக்குல போகும் சார்" என்றார். நான்கு மாதம் முன்பு சேர்ந்த ஒரு லோடுமேனின் பெயரையும் சொன்னார். வேறு ஆதாரம் எதுவும் அவரிடம் இல்லை. அந்தப் பையன் புதிது, அவ்வளவுதான்.

அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: ஒரு வாரம் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். முதலில் காகிதம், அடுத்து மறு எண்ணிக்கை, ஆளிடம் பேசுவது கடைசி. சந்தேகத்தைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு குடோனில் யாரும் எதையும் உள்ளபடி சொல்ல மாட்டார்கள். பாதி விவரம் அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது. சரி என்றார், அரை மனதோடு. புத்தகத்தில் எந்தத் திருத்தமும் அந்த ஒரு வாரம் போடக் கூடாது என்றும் முடிவானது.

காகிதத்தில் கரைந்தது

மிகப் பெரிய குறைவு 96,400 ரூபாய், ஒன்பது வகைச் சரக்கில். ஒன்பதும் ஒரே ஆலை பில்லில் இருந்தவை, எண்ணிக்கையும் அந்தப் பில்லோடு அச்சாகப் பொருந்தியது. ஆலையிலிருந்து பில் வெள்ளிக்கிழமை மெயிலில் வந்திருக்கிறது. அலுவலகத்தில் அன்றே கொள்முதலாக ஏற்றிவிட்டார்கள். லாரி வந்தது திங்கள் இரவு. ஞாயிறன்று சரக்கு சாலையில் இருந்தது, அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மார்ச்சில் செய்த மாதிரி எண்ணிய எண்ணை `Physical Stock` ஆகப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வவுச்சர் அன்றைய தேதிக்குச் சரக்கின் இருப்பை எண்ணிய எண்ணுக்கு மாற்றி வைத்துவிடும். வெள்ளிக்கிழமை ஏற்றிய கொள்முதல் அதோடு அழிந்த மாதிரிதான். திங்கள் இரவு சரக்கு வந்து இறங்கும்போது, பில்லை ஏற்கெனவே போட்டாயிற்று என்பதால் யாரும் மறுபடி ஏற்ற மாட்டார்கள். சரக்கு குடோனில் இருக்கும், புத்தகத்தில் இருக்காது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கூடுதல் பட்டியலில் இருந்த 61,500 ரூபாய் நினைவுக்கு வந்தது. ஆறு வகைச் சரக்கு, காரணம் தெரியாமல் கூடுதல். மார்ச் கடைசி வாரத்துப் பில்களை எடுத்துப் பார்த்தோம். மார்ச் 29 தேதியிட்ட பில் ஒன்றில் அந்த ஆறும் அதே எண்ணிக்கையில் இருந்தன. உள்வரவுப் பதிவேட்டில் அந்த லாரி இறங்கிய நாள் ஏப்ரல் 2. மார்ச்சில் குறைவு என்று எழுதி அழித்தது உண்மையில் வந்துகொண்டிருந்த சரக்கு. ஆறு மாதம் புத்தகத்துக்கு வெளியே இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அதில் யாராவது கை வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த முறை வெள்ளிக்கிழமைக் கொள்முதலை அழிக்காமல், டேலியில் `In Transit` என்று ஒரு தனி குடோன் உண்டாக்கி அதற்கு மாற்றினோம். லாரி இறங்கியதும் ஸ்டாக் ஜர்னல் வழியாக மாதவரம் குடோனுக்குக் கொண்டு வந்தோம்.

அடுத்த 38,700 ரூபாய் என் தவறால் வந்தது. டிரைவரிடம் பழைய சலான் புத்தகம் ஒன்று வண்டியிலேயே இருந்திருக்கிறது. சனிக்கிழமை அவசரமாக இரண்டு நடை அதில் எழுதிப் போயிருக்கிறார். நான் கையெழுத்து வாங்கியது புதுப் புத்தகத்தின் கடைசி எண்ணுக்கு. சரக்கு வெளியே போய்விட்டது, பில் இல்லை. பொன்னேரிக் கடையிலிருந்து கையெழுத்தோடு சலான் நகல் வந்ததும் சனிக்கிழமை தேதியில் பில் போட்டோம்.

பெட்டிக் கணக்கில் இன்னொன்று. ஒரு இஞ்ச் எல்போ பெட்டிக்கு 60 உருப்படி என்று டேலியில் `1 Box = 60 Nos` பதிவாகியிருந்தது. ஆலை நடுவில் 50 ஆக மாற்றிவிட்டது. 40 பெட்டி வாங்கியதில் 400 உருப்படி புத்தகத்தில் மட்டும் இருந்தது. ஒன்று 32 ரூபாய் என்று 12,800 குறைவாகக் காட்டியது. சரக்கு எங்கும் போகவில்லை. பெட்டி விலை 1,920 என்பதால் ஒரு எல்போவின் அடக்கம் 32 அல்ல, 38.40 என்பதுதான் வித்தியாசம். விற்பனை விலையை அதற்கேற்ப மாற்றினார்கள்.

கடைகள் திருப்பி அனுப்பி, கிரெடிட் நோட் போடாமல் கிடந்த சரக்கு 14,110 ரூபாய். அது கூடுதல் பட்டியலில் இருந்தது. நோட் போட்டதும் சரியானது.

மறு எண்ணிக்கையில் தெரிந்தது

ஒரு இஞ்ச் சி.பி.வி.சி. பைப், எஸ்.டி.ஆர். 11 ரகத்தில் 74 லென்த் குறைவு. எஸ்.டி.ஆர். 13.5 ரகத்தில் 74 லென்த் கூடுதல். இப்படி ஒன்று குறைந்து அதன் பக்கத்துச் சரக்கு அதே எண்ணில் கூடினால், எண்ணியதில் மாறியிருக்கும் என்று அங்கேயே விட்டுவிடத் தோன்றும். விட்டுவிடக் கூடாது. எண்ணும்போது மாறியதா, அனுப்பும்போது மாறியதா என்பது வேறு வேறு விஷயம். இரண்டிலும் புத்தகத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

எஸ்.டி.ஆர். என்பது பைப்பின் வெளி விட்டத்தைச் சுவர்த் தடிமனால் வகுத்து வரும் எண். இரண்டு ரகத்துக்கும் வெளி விட்டம் ஒன்றே, 28.6 மில்லிமீட்டர். தடிமன் எஸ்.டி.ஆர். 11-இல் 2.6, எஸ்.டி.ஆர். 13.5-இல் 2.1. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ரகத்தின் பெயர் பைப் உடம்பில் நீளவாக்கில் அச்சாகியிருக்கும். ரேக்கில் அடுக்கினால் நமக்குத் தெரிவது பைப்பின் வாய் மட்டுமே. அணியில் இருந்தவர் வாயைப் பார்த்து எண்ணியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கழுவும்போது இரண்டு அடுக்கும் கலந்திருக்கின்றன.

மறுநாள் ஒவ்வொரு லென்த்தையும் உருவி, எழுத்தைப் படித்து எண்ணினோம். மூன்று மணி நேரம் ஆனது. 74-இல் 52 எண்ணியதில் வந்த பிழை. 22 மட்டும் அப்படியே நின்றது. அதாவது யாருக்கோ 13.5 என்று பில் போட்டு 11 போயிருக்கிறது. அடக்கம் 320-க்கும் 260-க்கும் உள்ள 60 ரூபாய் வித்தியாசத்தில் 1,320 ரூபாய். இரண்டு மாதத்து 13.5 பில்களை வைத்துக் கடைகளுக்குப் போன் செய்ததில், ரெட்ஹில்ஸ் கடைக்காரர் தன் ரேக்கில் 15 லென்த் இருப்பதாகச் சொல்லி, வித்தியாசத்துக்கு டெபிட் நோட் ஏற்றுக்கொண்டார். மீதி 7 வேறொரு கடையிலிருந்து ஏதோ ஒரு வீட்டுச் சுவருக்குள் போய்விட்டது. 420 ரூபாய் நட்டம். வாங்கியவருக்குத் தடித்த பைப் கிடைத்ததால் கெடுதல் இல்லை. திருப்பி மாறியிருந்தால், சுடுதண்ணீர் லைனில் மெல்லிய பைப் போயிருந்தால், அது 420 ரூபாயோடு முடியும் பிரச்சினை அல்ல.

கடைசியில் ஆட்களிடம்

பிராஸ் வகையை மறுபடி எண்ணியும் 93 குறைவு அப்படியே இருந்தது. அதன் பிறகு குடோனில் உட்கார்ந்து பேசினேன். எல்லாரும் இருக்கும்போது, டீ வாங்கிக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி: "பிராஸ் ஐட்டம் பில் இல்லாம வெளிய போற சந்தர்ப்பம் எதெல்லாம்ணே?"

பொறுப்பாளர் யோசிக்கவே இல்லை. "லீக்குன்னு கொண்டு வந்தா மாத்திக் குடுக்கிறோமே சார்." ப்ளம்பரோ கடைக்காரரோ மரைப் பக்கம் கசியும் உருப்படியைக் கொண்டு வந்தால், பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்துவிடுவார்கள். வருடக்கணக்காக அப்படித்தான். பழையவை எங்கே என்று கேட்டதற்கு, மேசைக்கு அடியில் இருந்த ஒரு சாக்கை இழுத்தவர் அந்தப் புதுப் பையன்தான். அதில் 75 உருப்படி இருந்தது. ஞாயிறன்று யாரும் அதை எண்ணவில்லை, விற்கும் சரக்கல்ல என்பதால். எண்ணச் சொல்லி நானும் எழுதவில்லை.

75 போக மீதி 18. அதற்கு யாரிடமும் விளக்கம் இல்லை. மதிப்பு 5,400 ரூபாய். திருட்டாக இருக்கலாம், எழுதாமல் போன ரீப்ளேஸ்மென்ட்டாக இருக்கலாம், பில்லில் அளவு மாறியிருக்கலாம். எது என்று சொல்ல ஆதாரம் இல்லாததால் எதையும் சொல்லவில்லை.

விளைவு

75 உருப்படியையும் ஆலைக்கு அனுப்பினோம். 58-க்கு மாற்று கொடுத்தார்கள். 17-ஐ, மரையை அளவுக்கு மீறி முறுக்கியதால் விரிசல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது 5,100 ரூபாய். சில்லறையாக 4,350 ரூபாய்க் குறைவு, பெரும்பாலும் பைப் ஒட்டும் சால்வென்ட் டின்கள், கடைசி வரை தெளியவில்லை.

ஆக, எழுதித் தள்ள வேண்டியது 5,400, 5,100, 4,350 சேர்ந்து 14,850 ரூபாய். முதல் நாள் பார்த்த 2,03,830-இல் உண்மையான இழப்பு இவ்வளவுதான், அந்த 420 தவிர. காணாமல் போன, எழுதித் தள்ளிய சரக்குக்கு, வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க முடியாது, சி.ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(h) பிரிவு அதைத் தடுக்கிறது. ஆடிட்டர் சொன்னபடி 18 சதவீதம், 2,673 ரூபாயை அந்த மாத `GSTR-3B`-இல் 4(B)(1) வரியில் திருப்பினோம். முதல் நாளே நிகரக் குறைவு முழுவதையும் எழுதித் தள்ளியிருந்தால், இல்லாத இழப்புக்கு 19,616 ரூபாய் வரியைத் திருப்பியிருப்போம்.

எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகுதான் டேலியில் கடைசிப் பதிவு போட்டோம். ஒவ்வொரு வரிக்கும் காரணம், ஆதாரக் காகிதத்தின் எண், யார் சரிபார்த்தார் என்பது விளக்கக் குறிப்பில் இருக்கிறது. லோடுமேனை யாரும் எதுவும் கேட்கவில்லை. தன் மேல் சந்தேகம் இருந்தது அவனுக்குத் தெரியாது.

மாற்றியவையும் இன்னும் மாற வேண்டியதும்

வண்டியில் இருந்த சலான் புத்தகத்தை வாங்கி அழித்தாயிற்று. அடுத்த முறை கட் ஆஃப் தாளில் "பயன்பாட்டில் உள்ள சலான் புத்தகங்கள் எத்தனை" என்பதுதான் முதல் வரி. மெயிலில் வரும் பில் நேராக `In Transit`-க்குப் போகிறது. எஸ்.டி.ஆர். 11 பைப்பின் வாய்ப் பக்கம், லாரி இறங்கும்போதே, சிவப்புப் பெயிண்ட் ஒரு கோடு. லீக் என்று திரும்பி வருவதற்கு ஒரு நோட்டு, அதோடு புத்தகத்தில் தனி குடோன். மாற்றிக் கொடுத்த அன்றே இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

பிராஸ் வகைகளை மட்டும் ஒவ்வொரு சனியும் எண்ணுகிறார்கள், இருபது நிமிட வேலை. எட்டு வாரத்தில் ஆறு வாரம் வித்தியாசம் இல்லை. ஒரு வாரம் இரண்டு குறைந்தது, நோட்டில் எழுத மறந்தது என்று அன்றே தெரிந்தது. இன்னொரு வாரம் ஒன்று குறைந்தது, அது கிடைக்கவில்லை.

சால்வென்ட் டின்னுக்கு இன்னும் வழி செய்யவில்லை. ப்ளம்பர்கள் சரக்கு எடுக்கும்போது ஒரு சின்ன டின்னைக் கேட்டு வாங்கிப் போவது பழக்கமாகிவிட்டது. கொடுக்கலாம் என்றால் பில்லில் இலவசம் என்று காட்ட வேண்டும், அதற்கும் வரியைத் திருப்ப வேண்டும். கூடாது என்றால் குடோனில் நிற்பவர்தான் அதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். முதலாளி மார்ச்சுக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை டின்கள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன, சாவி பொறுப்பாளரிடம்.